ஆச்சியை வாழ்த்த வேண்டாம்

பிறந்தநாள் வாழ்த்தை மொழிபெயர்ப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள்தான் அதிகம். நிலப் பத்திரத்துக்கும் மருத்துவ அறிக்கைக்கும் தேர்ந்த மொழிபெயர்ப்பாளர் வேண்டும். பாட்டிக்கு ஆங்கிலத்தில் எழுதிய ஏழெட்டு வரிகளுக்கு இரண்டு மொழியும் தெரிந்த யாரும் போதும். அன்பு எல்லா மொழியிலும் அன்புதானே என்கிறார்கள். நான் இதை முழுவதுமாக மறுக்கிறேன். பத்திரத்தில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் இரு மொழியிலும் வழங்கிவரும் சொல் இருக்கிறது. அதைத் தேடி எடுத்து வைத்தால் வேலை முடிந்தது. பேத்தி பாட்டிக்கு எழுதும் கடிதத்தில் சொற்கள் கிடைக்கும், ஆனால் அவற்றை வைக்கும் இடம் மாறிவிடும். யார் யாருக்கு எதைத் தருகிறார், யார் யாரிடம் எதைக் கேட்கிறார் என்பதே ஆங்கிலத்திலும் தமிழிலும் வேறு. இதைப் பார்க்காமல் வரிக்கு வரி மாற்றுகிறவர் எழுதுவது பிழையில்லாத தமிழாக இருக்கலாம். அந்தப் பேத்தியின் கடிதமாக அது இருக்காது.

நான் இதை எழுதுவது தம்பானூரிலிருந்து. திருவனந்தபுரத்தின் ரயில் நிலையமும் பஸ் நிலையமும் எதிரெதிரே நிற்கும் இந்தப் பகுதியிலிருந்து சாலைக் கடைவீதியும் வலியசாலையும் கரமனையும் நடந்தோ ஆட்டோவிலோ சிறிது நேரத்தில் போய்விடக்கூடிய தூரம். பல தலைமுறைகளாகத் தமிழர் வாழும் இடங்கள் அவை. 1956 நவம்பர் 1இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது ஒரே குடும்பத்தின் பாதி அந்தப் பக்கமும் பாதி இந்தப் பக்கமும் ஆனது. இந்தப் பக்கம் நின்றுவிட்ட வீடுகளில் ஆச்சிமார் சாலைத் தமிழ்ப் பள்ளி போன்ற இடங்களில் தமிழ் படித்தவர்கள். பிள்ளைகள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் படித்தார்கள். பேரப் பிள்ளைகள் வளைகுடாவிலோ அமெரிக்காவிலோ வளர்ந்து தமிழைக் காதால் அறிவார்கள், எழுத்தால் அறியமாட்டார்கள். அதனால் ஆச்சிக்கு வரும் கடிதம் ஆங்கிலத்தில் வருகிறது. நடுவில் ஒருவர் அதைத் தமிழாக்க வேண்டியிருக்கிறது.

அப்படிப்பட்ட கடிதம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இது தனிப்பட்ட யாருடையதும் அல்ல. இத்தகைய கடிதங்களில் வழக்கமாக இருப்பவற்றைச் சேர்த்து நான் அமைத்தது. ‘டியர் கிராண்ட்மா’ என்று தொடங்குகிறது. எண்பதாவது பிறந்தநாளுக்கு ஹேப்பி பர்த்டே. உங்களுக்கு எண்பது என்று நம்பவே முடியவில்லை, பார்த்தால் அறுபதுக்கு மேல் சொல்லமாட்டார்கள். எங்களுக்காகச் செய்த எல்லாவற்றுக்கும் தேங்க்ஸ். உங்கள் சமையலை ரொம்ப மிஸ் பண்ணுகிறேன். இந்த ஸ்பெஷல் நாளில் பக்கத்தில் இல்லாததற்கு ஸாரி. இன்னும் பல வருடம் ஆரோக்கியமும் சந்தோஷமும் கிடைக்கட்டும். ஐ லவ் யூ ஸோ மச். கடைசியில் ஹக்ஸ் அண்ட் கிஸ்ஸஸ். ஆங்கிலத்தில் இது நல்ல கடிதம். எழுதிய பெண் மனதாரத்தான் எழுதியிருக்கிறாள்.

இதன் வழக்கமான தமிழாக்கம் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ‘அன்பான பாட்டிக்கு இனிய எண்பதாவது பிறந்தநாள் நல்வாழ்த்துக்கள். எங்களுக்காக நீங்கள் செய்த அனைத்திற்கும் நன்றி. உங்கள் சமையலை நான் மிகவும் தவறவிடுகிறேன். உங்கள் சிறப்பான நாளில் உடனிருக்க முடியாததற்கு வருந்துகிறேன். நான் உங்களை மிகவும் நேசிக்கிறேன்.’ தவறவிடுவது வண்டியை. ‘வருந்துகிறேன்’ இரங்கல் கடிதத்திலும் ரயில் தாமத அறிவிப்பிலும் கேட்டுப் பழகிய சொல். ‘நேசிக்கிறேன்’ என்று எந்தப் பேத்தியும் எந்த ஆச்சியிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இவையெல்லாம் மேற்பரப்பில் தெரியும் பிழைகள், திருத்திவிடலாம். வாழ்த்துக்களா வாழ்த்துகளா என்று ஒரு க் எழுத்துக்காக ஆண்டுக்கணக்கில் சண்டை நடக்கிறது. அதில் செலவழித்த அக்கறையில் கொஞ்சம், அந்தச் சொல் அங்கே வரலாமா என்பதற்குச் செலவாகியிருக்க வேண்டும்.

ஏனென்றால் தமிழில் பேத்தி ஆச்சியை வாழ்த்துவதில்லை. வாழ்த்து மேலிருந்து கீழே வருவது. ‘நல்லா இரு’, ‘தீர்க்காயுசா இரு’, ‘மகராசியா இரு’ என்று நம் வீடுகளில் வழங்கும் எல்லா வாழ்த்துச் சொற்களும் மூத்தவர் வாயிலிருந்து இளையவர் தலைமேல் விழுபவை. இளையவர் செய்வது கும்பிடுவது. கும்பிட்டு ஆசி வாங்குவது. சுவரொட்டியிலும் மேடையிலும் ‘வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்’ என்று திரும்பத் திரும்ப எழுதித் தேய்த்துவிட்டார்கள் என்றாலும், அதற்குள் இருக்கும் உணர்வு உண்மையானது.

கடவுள் வாழ்த்து என்று ஒன்று இல்லையா, பெரியாழ்வார் பெருமாளுக்கே பல்லாண்டு பாடவில்லையா என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. ஆனால் அந்தப் பாசுரங்களுக்கு வைணவ ஆசாரியர்கள் சொல்லிவந்த விளக்கத்தை நினைத்துப் பாருங்கள். இவ்வளவு அழகுக்குக் கண் பட்டுவிடுமோ என்ற பரிவில், காக்கப்பட வேண்டியவர் காப்பவரையே காக்க எண்ணிப் பாடினார் என்கிறார்கள். பெருமாளை வாழ்த்த வேண்டுமானால் தாயின் இடத்துக்குப் போயாக வேண்டும் என்பதைத்தான் அவர்களும் சொல்கிறார்கள். பேத்திக்கு அந்த இடம் வேண்டாம். அவளுக்கு ஆச்சியின் மடி வேண்டும்.

ஆகவே மொழிபெயர்ப்பவர் முதலில் செய்ய வேண்டியது அகராதியைத் திறப்பதல்ல. எழுதியவளிடம் மூன்று கேள்வி கேட்பது. முதலாவது, ஆச்சியை நீ எப்படிக் கூப்பிடுவாய்? கிராண்ட்மா என்ற சொல் அம்மாவின் அம்மாவா, அப்பாவின் அம்மாவா என்றுகூடச் சொல்வதில்லை. நாஞ்சில் நாட்டு வேளாளர் வீட்டில் ஆச்சி, பிராமணர் வீட்டில் பாட்டி, மதுரைப் பக்கத்திலிருந்து வந்த வீட்டில் அப்பத்தா, கோயம்புத்தூர்ப் பக்கமானால் அம்மாயி, ஈழத்து உறவானால் அம்மம்மா. பொதுவாக இருக்கட்டும் என்று எல்லோருக்கும் பாட்டி போட்டால் பெறுகிறவருக்கு அது அடுத்த வீட்டுக் கடிதம். இரண்டாவது, நீ என்பாயா, நீங்கள் என்பாயா? ஆங்கிலம் இதை மறைத்துவிடுகிறது. மரியாதைக்கு நீங்கள் என்றே போட்டுவிடலாம் என்று மொழிபெயர்ப்பவர் தானாக முடிவு செய்கிறார். பிறந்ததிலிருந்து ‘நீ வா ஆச்சி’ என்றே பேசி வளர்ந்த பெண் திடீரென்று ‘நீங்கள்’ என்று எழுதினால், இவளுக்கு என்மேல் ஏதோ கோபம் என்றுதான் ஆச்சி நினைப்பார்.

மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. கடிதத்தை ஆச்சியே படிப்பாரா, யாராவது படித்துக் காட்டுவார்களா? எண்பது வயதில் கண்ணில் புரை வந்திருக்கும். போனில் வரும் சின்ன எழுத்து தெரியாது. மாமாவோ அத்தையோதான் கூடத்தில் நின்று உரக்கப் படிப்பார்கள். மாமா வாயிலிருந்து ‘நான் உங்களை மிகவும் நேசிக்கிறேன்’ என்று வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். படிக்கிறவர் கூசிப்போய் நிறுத்திவிடுவார். ‘வாழ்த்து அனுப்பியிருக்கா’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். மொழிபெயர்ப்பு தோற்றதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் எனக்குத் தெரியாது. படிப்பவர் சுருக்கிச் சொன்னால் தோல்வி. ஒரு வரிகூட விடாமல், இடையில் சிரித்துக்கொண்டோ தொண்டையைச் செருமிக்கொண்டோ கடைசிவரை படித்தால் வேலை சரியாக நடந்திருக்கிறது.

இனி வரிகளுக்கு வருகிறேன். எண்பதாவது பிறந்தநாள் என்பதிலேயே கவனம் வேண்டும். நம் ஆச்சிமார் வயதை நடக்கும் ஆண்டால் எண்ணுவார்கள். எண்பது நிறைந்த அன்று எண்பத்தொன்று நடக்கத் தொடங்கிவிடும். அப்போதும் ‘எண்பது முடிஞ்சது’ என்று வாழ்த்தில் எழுதக் கூடாது. அன்றைக்கு ‘முடிஞ்சது’ என்ற சொல் காதில் விழக் கூடாது. நிறைகிறது என்பதுதான் வழக்கு. அடுத்தது நாள். திருவனந்தபுரத்தில் பிறந்தநாள் என்பது மாதமும் நட்சத்திரமும். சிங்க மாதத்து அவிட்டம் என்று மலையாளத்திலும் ஆவணி அவிட்டம் என்று தமிழிலும் சொல்வார்கள். ஆங்கிலத் தேதிப்படி அது ஆண்டுதோறும் இடம் மாறும், சில ஆண்டு அந்த மாதத்தில் ஒரே நட்சத்திரம் இரண்டு முறைகூட வரும். பேத்தியிடம் இருப்பது பாஸ்போர்ட்டில் உள்ள தேதி. அந்தத் தலைமுறையில் பலருக்கு அது பள்ளியில் சேர்த்தபோது யாரோ சொல்லி எழுதிய தேதி. எனவே ‘இன்று’ என்று அழுத்தி எழுதாமல் ‘உனக்கு எண்பது நிறையுது’ என்று எழுதினால், பாயசம் வைத்து அர்ச்சனை செய்த நாள் போன வாரமாக இருந்தாலும் கடிதம் பொருந்தும்.

‘அறுபதுக்கு மேல் சொல்லமாட்டார்கள்’ என்ற வரி ஆங்கிலத்தில் பாராட்டு. தமிழில் அது மட்டும் தனியாக நின்றால் ஆச்சிக்கு அடிவயிற்றில் ஒரு சின்ன பயம் வரும், கண் பட்டுவிடும். அதற்காகப் பாராட்டையே விட்டுவிட வேண்டியதில்லை. அதன் பின்னாலேயே திருஷ்டி சுற்றிப் போடச் சொல்லிவிட்டால் பாராட்டும் நிற்கும், பயமும் போகும். இந்தப் பெண் நம் வீட்டுப் பெண்தான் என்பதும் தெரிந்துவிடும்.

‘செய்த எல்லாவற்றுக்கும் நன்றி’தான் மிகவும் கடினமான இடம். வீட்டுக்குள் நன்றி சொல்வது விலக்கி நிறுத்துவதுபோல ஆகிவிடுகிறது. கணக்கு தீர்த்துவிட்டேன் என்று சொல்வதாகக்கூட ஆச்சிக்குப் படலாம். நாம் நன்றியை நினைவாகச் சொல்கிறோம். எல்லாவற்றையும் என்பதற்குப் பதிலாக ஏதாவது ஒன்றை எடுத்து, அதை நான் மறக்கவில்லை என்று காட்டுகிறோம். ஆனால் அந்த ஒன்றை மொழிபெயர்ப்பவர் கற்பனை செய்யக் கூடாது. பேத்தியிடம் கேட்டு வாங்க வேண்டும். கேட்க வழியே இல்லையென்றால் ‘நீ வளத்த பிள்ளை நான்’ என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம், அதுவும் அவர் வளர்த்தது உண்மையானால்.

முத்தமும் அப்படித்தான் திசை மாறுகிறது. ஆங்கிலக் கடிதத்தில் பேத்தி முத்தத்தை அனுப்புகிறாள். இங்கே ஆச்சிதான் கொடுப்பார், இரண்டு கையாலும் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப் பொட்டில் வைத்து நெட்டி முறிப்பார். பேத்தி செய்யக்கூடியது அதைக் கேட்பது.

பேத்தியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றை வைத்து இந்தக் கடிதம் இப்படி வரும் என்று வைத்துக்கொள்வோம்:

‘ஆச்சிக்கு, உன் பேத்தி கும்பிட்டு எழுதுறேன். உனக்கு எண்பது நிறையுது. நேர்ல இருந்தா காலையிலேயே குளிச்சிட்டு வந்து உன் கால்ல விழுந்திருப்பேன். இங்க இருந்தே விழுறேன், ஆசீர்வாதம் பண்ணு. பழவங்காடிப் பிள்ளையாருக்கு உன் பேர்ல தேங்காய் உடைக்கச் சொல்லி மாமாகிட்ட சொல்லியிருக்கேன். அம்மா அனுப்பின படத்தைப் பார்த்தேன். எண்பதுன்னு யாரும் சொல்லமாட்டாங்க. என் கண்ணே பட்டிருக்கும், அத்தையைத் திருஷ்டி சுத்திப் போடச் சொல்லு. சின்னப்பிள்ளையில நான் காய்ச்சல்ல கெடந்தப்போ ராத்திரி முழுக்க என்னை மடியில வெச்சுக்கிட்டே உக்காந்திருந்தியாமே, அம்மா இப்பவும் சொல்லுவா. இங்க நானும் உள்ளித்தீயல் வெச்சுப் பாக்குறேன், உன் கை வரலை. தேங்காயை எந்த நிறம் வரைக்கும் வறுக்கணும்? இப்போ லீவு கிடைக்கலை. டிசம்பர்ல வாறேன். வந்ததும் என் கன்னத்தை வழிச்சு நெட்டி முறிக்கணும். ஆச்சின்னா எனக்கு உசிரு.’

மூலத்தில் இருந்த எதுவும் இதில் விடுபடவில்லை. ஆரோக்கியமும் சந்தோஷமும் கிடைக்கட்டும் என்ற வரி பிள்ளையார் தேங்காயானது. ஆண்டுகளை எண்ணாமல் நல்லது வேண்டிக்கொள்ள அதுவே வழி, அதையும் பேத்தி உண்மையில் மாமாவிடம் சொல்லியிருந்தால்தான் எழுத வேண்டும். ஸாரி என்பது லீவு கிடைக்காத காரணமாகவும் டிசம்பர் என்ற வாக்காகவும் ஆனது. ‘மிஸ்’ என்ற சொல் தீயலுக்குத் தேங்காய் வறுக்கும் கேள்வியானது. இந்தக் கேள்வியை நான் முக்கியமாக நினைக்கிறேன். ஆங்கில வாழ்த்து அட்டை தன்னளவில் முழுமையானது, அதற்குப் பதில் வேண்டியதில்லை. நம் பழைய கடிதங்கள் ‘அங்கு நலம் அறிய ஆவல்’ என்று கேட்டுவிட்டுத்தான் மேலே போகும். ஆச்சிக்குச் சொல்ல ஒன்று இருக்க வேண்டும். தேங்காய் கருகாமல் நல்ல பழுப்பு நிறம் வரும்போது இறக்க வேண்டும் என்று அவர் போனில் சொல்லத் தொடங்கினால் பேச்சு அதோடு நிற்காது.

இதைப் படித்துவிட்டு, இது மொழிபெயர்ப்பே அல்ல, புதிதாக எழுதியது என்பார்கள் சிலர். சொன்னதைச் சொன்னபடி தருவதுதானே நேர்மை என்பார்கள். திருவனந்தபுரத்திலேயே இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. மகாராஜா கல்லூரியில் பேராசிரியராக இருந்த சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட மனோன்மணீயம், லிட்டன் பிரபு எழுதிய ஆங்கிலக் கதை ஒன்றைத் தழுவியது. அதைப் பாண்டிய நாட்டுக்குக் கொண்டுவந்து நாடகமாக்கினார். கதை எங்கிருந்து வந்தது என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் அவருக்கிருந்த உரிமை நமக்கு இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அது அவருடைய நூல். இது இன்னொருத்தியின் கடிதம். அதனால்தான் கேட்டு வாங்காத ஒரு செய்தியும் சேர்க்கக் கூடாது என்கிறேன். எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியும் இப்போது என்ன சொல்கிறது என்று ஆங்கிலத்தில் அவளுக்கு விளக்க வேண்டும். காலில் விழுவது எனக்கு ஒட்டாது என்று அவள் சொன்னால் அந்த வரியை எடுத்துவிட வேண்டும். வரிக்கு வரி மாற்றுகிறவர் இந்த அனுமதியைக் கேட்பதே இல்லை. அவர் பேத்தியின் வாயில் ‘நீங்கள்’, ‘நேசிக்கிறேன்’ என்ற சொற்களை அவள் அறியாமலே வைத்துவிடுகிறார். எது நேர்மை?

இன்னொரு மறுப்புக்கு அதிக வலு உண்டு. காலம் மாறிவிட்டது, இன்றைய ஆச்சிமாரே கேக் வெட்டுகிறார்கள், ஹேப்பி பர்த்டே என்கிறார்கள், அவர்களைப் பழைய முறைக்குள் பிடித்து வைப்பது ஏன் என்கிறார்கள். உண்மைதான். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆச்சிக்கு ஆங்கிலக் கடிதமே போதும். அவருக்குத் தமிழாக்கமே தேவைப்படாது. தமிழில் வேண்டும் என்று ஒரு பேத்தி கேட்கும்போதே, ஆங்கிலம் சென்று சேராத ஓரிடத்தில் ஆச்சி இருக்கிறார் என்று அவள் சொல்லிவிடுகிறாள். அந்த இடத்துக்கு ஆங்கிலத்தின் உறவுமுறையைத் தமிழ் எழுத்தில் அனுப்புவதில் என்ன பயன்? கேக் வெட்டும் ஆச்சியும் வெட்டிய முதல் துண்டைப் பேரப் பிள்ளை வாயில்தான் வைக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

அலங்காரத் தமிழ்தான் மரியாதை என்பவர்களுக்கு நான் நீண்ட பதில் சொல்லப் போவதில்லை. அகவை எண்பது காணும் அன்புப் பாட்டியே என்று தொடங்கும் வரிகள் மாமன்றங்களுக்கு உரியவை. படித்துக் காட்டுகிற மாமாவுக்கு அவை நாக்கில் தடுக்கும்.

கடைசியாக, தமிழ் எழுத்துத் தெரியாத பேத்தி போனில் தானே படித்துச் சொல்ல விரும்பினால் அவளுக்காக உரோமன் எழுத்தில் ஒரு பிரதி வேண்டும். அப்போது வாக்கியங்கள் இன்னும் சிறுக்க வேண்டும். ஒரு மூச்சுக்கு ஒரு வாக்கியம். விழுந்திருப்பேன் என்பதில் ழ வராவிட்டால் ‘காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பேன்’ என்று மாற்றிக்கொள்ளலாம். அவள் சிறுவயதில் மலையாளத் தோழிகளிடம் கேட்டு ஆச்சியை ‘அம்மும்மா’ என்றே கூப்பிட்டுப் பழகியிருந்தால், தமிழுக்காக அதை ஆச்சி என்று திருத்தக் கூடாது. கடிதத்தின் முதல் சொல்லாக அம்மும்மா என்றே இருக்கட்டும்.